ஒரு நாள் களத்தின் விலை

திருவண்ணாமலை மாவட்டத்தில் 60 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள், ஆக மொத்தம் 1,200 வீடுகள். இந்தக் குடும்பங்கள் மருத்துவத்துக்கு எவ்வளவு செலவழிக்கின்றன, அதற்கு எங்கே கடன் வாங்குகின்றன, வீட்டிலிருந்து யார் யார் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். இதற்கு எவ்வளவு பணம் வேண்டும்?

பெரும்பாலான திட்ட அறிக்கைகளில் இதற்கு ஒரே வரியில் பதில் இருக்கும். ‘தகவல் சேகரிப்பு’ என்று எழுதி, எதிரே ஒரு தொகையைப் போட்டிருப்பார்கள். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்து, 1,200ஆல் பெருக்கினால் வரும் தொகை அது. கணக்கெடுப்புகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான். வீடுகளின் எண்ணிக்கையை வைத்துப் போடும் பட்ஜெட், களத்தில் நாட்களாகத்தான் செலவாகிறது. ஆகவே முதலில் தெரியவேண்டியது ஒரு நாள் களத்தின் விலை.

அதை ஒரு மாதிரிக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அதிகம் மாறாது. கணக்கெடுப்பாளர்கள் பத்துப் பேர். ஒருவருக்கு நாள் சம்பளம் 900 ரூபாய், சாப்பாட்டு பேட்டா 250. பத்துப் பேருக்கும் சேர்த்து 11,500. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒருவர் வீதம் இரண்டு மேற்பார்வையாளர்கள். தலைக்கு 1,600 வீதம் 3,200. குழுவுக்கு ஒரு வண்டி, டிரைவரும் டீசலும் சேர்த்து 3,000 என்றால் இரண்டு வண்டிக்கு 6,000. பன்னிரண்டு பேரும் இரவு தங்க லாட்ஜுக்குத் தலைக்கு 400 வீதம் 4,800. கூட்டினால் 25,500 ரூபாய். குழு களத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் இவ்வளவு செலவாகும். அன்று அறுபது வீடு முடித்தாலும் சரி, மழையில் ஒரு வீடும் முடிக்காவிட்டாலும் சரி.

இனி எல்லாமே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. ஒருவர் ஒரு நாளில் எத்தனை வீடு முடிப்பார்?

அலுவலகத்தில் உட்கார்ந்து யோசிக்கும்போது இதற்கான விடை ஆறு என்று வரும். கேள்வித்தாளை நண்பர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்திருப்பார்கள், ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும். ஐம்பது நிமிடம் என்றால் நாளைக்கு ஆறு வீடு. பத்துப் பேர் அறுபது வீடு. 1,200 வீட்டுக்கு 20 நாள். களச்செலவு 5,10,000 ரூபாய்.

இந்த ஆறு உண்மையா என்று தெரிந்துகொள்ளத்தான் முன்னோட்டம். மாதிரியில் இல்லாத, ஆனால் அதே சாயலுள்ள இரண்டு மூன்று கிராமங்களில், நான்கு கணக்கெடுப்பாளர்களும் ஒரு மேற்பார்வையாளரும் மூன்று நாள் உண்மையான வீடுகளில் உண்மையான கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது. ஏறத்தாழ நாற்பது வீடுகள் கிடைக்கும். ஒரு வண்டி, லாட்ஜ், சம்பளம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 11,200 ரூபாய்; அதன் பிறகு கேள்வித்தாளைத் திருத்தி எழுதுவதற்கும், மாற்றங்களை டேப்லெட்டில் ஏற்றுவதற்கும் கொஞ்சம். மொத்தம் 45,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்னோட்டத்தில் என்ன நடக்கும்? ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கணக்கெடுப்பாளர் வாசிக்கிறார்: “கடந்த 30 நாளில் உங்கள் குடும்பம் மருத்துவத்துக்கு எவ்வளவு செலவு செய்தது பாட்டி?”

“மருத்துவத்துக்கா? ஆஸ்பத்திரிப் பக்கமே போகல கண்ணு.”

டேப்லெட்டில் பூஜ்யம் ஏறுகிறது. அடுத்த கேள்விக்குப் போகிறார்கள். பேச்சு முடிந்து தண்ணீர் கொடுக்கும்போது பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மெடிக்கல்ல பத்து மாத்திரை வாங்கிக்குவேன். அதுக்கே மாசம் முந்நூறு போயிடுது.” பாட்டியைப் பொறுத்தவரை அது மருத்துவச் செலவு அல்ல, கடைச் செலவு. ஷேர் ஆட்டோவில் போய்வந்த காசும் அப்படித்தான். பேரனுக்கு மந்திரித்துக் கட்டிய தாயத்தும் அப்படித்தான்.

அந்த ஒரு கேள்வியை ஆறாக உடைக்க வேண்டியிருக்கிறது. அரசு மருத்துவமனைக்குப் போனீர்களா, தனியார் டாக்டரிடமா, டாக்டரைப் பார்க்காமல் மெடிக்கலில் நேராக மாத்திரை வாங்கினீர்களா, போக்குவரத்துக்கு எவ்வளவு, டெஸ்டுக்கு எவ்வளவு, கூடப் போனவருக்கு எத்தனை நாள் கூலி போனது. பூஜ்யம் என்று பதிவான வீட்டில் இப்போது 300, 700, 1,200 என்று எண்கள் வருகின்றன. பதில் சரியாகிறது, நேரம் கூடுகிறது. கடன் பற்றிய கேள்விகளும் இப்படித்தான் நீள்கின்றன. மகளிர் குழுக் கடன், மைக்ரோ பைனான்ஸ் கடன், அடகு நகை, கைமாற்று என்று தனித்தனியாகக் கேட்காவிட்டால் பாதிதான் வெளியே வரும்.

முன்னோட்டம் முடிந்து பார்த்தால் ஒரு வீட்டுக்கு 85 நிமிடம் ஆகிறது. பூட்டிய வீட்டுக்கு மாலையில் மறுபடி போவது, தெருவுக்குத் தெரு நடப்பது, வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்பது எல்லாம் சேர்த்தால் நாளைக்கு நான்கு வீடுதான் நிதானம். பத்துப் பேர் நாற்பது வீடு. 20 நாள் என்று நினைத்த வேலை 30 நாளாகிறது. களச்செலவு 5,10,000லிருந்து 7,65,000 ஆகிறது. வித்தியாசம் 2,55,000 ரூபாய். முன்னோட்டம் இல்லாமல் களத்துக்குப் போயிருந்தால் இந்தப் பள்ளம் பதினைந்தாம் நாள்தான் தெரியும். அப்போது கேள்வித்தாளையும் மாற்ற முடியாது, ஏனென்றால் பாதி வீடுகளில் பழைய கேள்வியைக் கேட்டாகிவிட்டது. மீதியிருக்கும் நாட்களில் வீடுகளை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், ஒருவர் நாளைக்கு எட்டு வீடு முடிக்கத் தொடங்குவார். அந்த எட்டு எப்படி முடிகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இந்த வழக்கத்துக்கு இந்தியாவில் நல்ல பரம்பரை உண்டு. 1937இல் வங்காளத்தில் சணல் பயிரிட்ட பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பு மூலம் அறியும் வேலையைத் தொடங்கிய பி.சி. மகலனோபிஸ், ஒரேயடியாக மாகாணம் முழுவதும் இறங்கவில்லை. சிறிய அளவில் தொடங்கி, ஆண்டுதோறும் விரித்துக்கொண்டே போனார். ஆட்கள் பயணத்துக்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள், வயலில் எவ்வளவு என்று பதிவுசெய்து, கொடுத்த பணத்துக்கு அதிகத் துல்லியம் எந்த அமைப்பில் கிடைக்கும் என்று கணக்கிட்டார். செலவையும் பிழையையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்த அந்த அணுகுமுறையிலிருந்துதான் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பிறந்தது.

பட்ஜெட்டில் அடிக்கடி காணாமல் போகும் இன்னொரு வரி வீட்டுப் பட்டியல். ஒரு கிராமத்தில் 20 வீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், முதலில் அந்தக் கிராமத்தில் உள்ள எல்லா வீடுகளின் பட்டியலும் வேண்டும். பழைய வாக்காளர் பட்டியலோ ரேஷன் கார்டு பட்டியலோ போதாது. அண்மையில் வந்தவர்களும் தனிக்குடித்தனம் போனவர்களும் அதில் விடுபட்டிருப்பார்கள். இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க நடந்து, வரைபடம் போட்டு, வீட்டுக்கு எண் கொடுத்து எழுதினால்தான் பட்டியல் கிடைக்கும். பெட்ரோலும் சேர்த்துக் கிராமத்துக்கு 2,600 ரூபாய் என்றால் 60 கிராமத்துக்கு 1,56,000.

இந்தப் பணத்தை மிச்சப்படுத்த நினைத்தால் என்ன ஆகும்? பஸ் நிறுத்தத்தில் இறங்கி, பிள்ளையார் கோயில் தெருவில் தொடங்கி, ‘மூன்றாவது வீடு, ஆறாவது வீடு’ என்று எடுத்துக்கொண்டே போவார்கள். 20 வீடு ஊர்த்தெருவிலேயே முடிந்துவிடும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனிக்கும், ஏரிக்கு அந்தப்பக்கம் கொல்லைமேட்டில் தனித்தனியாக இருக்கும் குடிசைகளுக்கும் யாரும் போயிருக்க மாட்டார்கள். கடன் அதிகமுள்ள வீடுகளும் வெளியூர் வேலைக்குப் போன வீடுகளும் அங்கேதான் இருக்கும். அறிக்கையில் ‘1,200 வீடுகள்’ என்று சரியாகத்தான் அச்சாகும். காலனி மட்டும் அதில் இருக்காது. பட்டியல் செலவை வெட்டுவது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

டேப்லெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்துக் கணக்கெடுப்பாளர்கள், இரண்டு மேற்பார்வையாளர்கள், கீழே விழுந்து உடைந்தால் மாற்றிக்கொள்ள இரண்டு, ஆக 14. ஒன்று 12,000 வீதம் 1,68,000. பவர் பேங்க், உறை, சிம் கார்டு எல்லாம் ஒரு 22,000. மென்பொருளுக்குப் பணம் கொடுக்காமலே செய்யலாம். ஓடிகே இருக்கிறது, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை உருவாக்கிய சிஎஸ்ப்ரோ இருக்கிறது, உலக வங்கியின் சர்வே சொல்யூஷன்ஸ் இருக்கிறது. ஆனால் கேள்வித்தாளை அதில் அமைத்து, தமிழில் ஏற்றி, ஒவ்வொரு கிளையையும் சோதித்துப் பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அதற்கு 40,000 வைக்கலாம். ‘மென்பொருள் இலவசம்’ என்று இந்த வரியைப் பட்ஜெட்டில் விட்டுவிடுபவர்கள் நிறைய.

டேப்லெட் சில பிழைகளை வாசலிலேயே தடுக்கும். தாய்க்கு 24 வயது, மகனுக்கு 15 வயது என்று போட்டால் ‘சரிபார்க்கவும்’ என்று நிற்கும். கேட்க வேண்டாத கேள்வியைத் தானாகத் தாண்டிப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார்கள், எந்த இடத்தில் நின்று கேட்டார்கள் என்று பதிந்துவைக்கும். அன்றைய பதில்கள் இரவே அலுவலகத்துக்கு வந்துவிடும். காகிதத்தில் எழுதியிருந்தால் இவையெல்லாம் ஒன்றரை மாதம் கழித்து, கட்டுக்கட்டாக வந்து இறங்கிய பிறகுதான் தெரியும். ஆனால் கேட்காத கேள்விக்கு ஒருவர் தானே பதில் போட்டால், அதைத் தடுக்க டேப்லெட்டால் முடியாது. அந்தத் தடயங்களைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வேண்டும்.

இனி எட்டு வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

கணக்கெடுப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க இரண்டு வழி. நாள் சம்பளம் ஒன்று. முடித்த வீட்டுக்கு இவ்வளவு என்பது இன்னொன்று. இரண்டாவது வழி பட்ஜெட் போடுபவர்களுக்குப் பிடிக்கும். செலவு எல்லை தாண்டாது, சோம்பேறித்தனத்துக்கு இடமில்லை என்று தோன்றும். ஒரு வீட்டுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாலு வீடு முடித்தவருக்கு 800, எட்டு வீடு முடித்தவருக்கு 1,600. வேகமாக முடிக்கச் சொல்லிக் காசு கொடுக்கிறோம், அவர் வேகமாக முடிக்கிறார். பொறுமையாகப் பேசிக் காலனிக் கோடிவரை நடக்கும் பெண்ணுக்குக் குறைந்த கூலி, திண்ணையில் உட்கார்ந்து ‘இல்லை, இல்லை’ என்று தட்டுபவருக்கு அதிகக் கூலி.

அந்த ‘இல்லை’ முக்கியமானது. எந்தக் கேள்வித்தாளிலும் சில வாசற்கதவுக் கேள்விகள் உண்டு. ‘கடந்த ஓராண்டில் வீட்டில் யாராவது மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கினார்களா?’ ஆம் என்றால் இருபது கேள்விகள் திறக்கும். இல்லை என்றால் ஒன்றுமில்லை. முதல் வாரம் கணக்கெடுப்பாளருக்கு இது தெரியாது. இரண்டாம் வாரம் விரலுக்கே தெரிந்துவிடும். அதிலிருந்து கேள்வி கேட்கும் தொனி மாறும். “யாரும் அட்மிட் ஆகலையே அம்மா?” என்று கேட்டால், களைத்துப்போன அம்மாவும் “இல்லப்பா” என்றுதான் சொல்வார்கள். இருவருக்கும் நேரம் மிச்சம். ஆனால் அறிக்கையில் மாவட்டத்தின் மருத்துவமனைச் செலவு சரிந்துவிடும்.

சிறிய கணக்கெடுப்புகளில் மட்டும் வரும் சிக்கல் அல்ல இது. தேசிய குடும்பநல ஆய்வு போன்றவற்றில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் நீண்ட பேட்டி எடுப்பார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றித் தனியாக ஒரு பகுதி இருக்கும். 48 வயதுப் பெண்ணுக்கு 50 என்று எழுதிவிட்டால் முழுப் பேட்டியும் மிச்சம். நான்கே முக்கால் வயதுக் குழந்தையை ஐந்தைத் தாண்டியதாக எழுதினால் தடுப்பூசி, எடை, உயரம் எல்லாம் மிச்சம். இது பல நாடுகளில் ஆய்வாளர்கள் கண்டறிந்த பழைய பழக்கம். கண்டுபிடிப்பதும் எளிது. ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் என்று வரைந்து பார்த்தால், 49க்குச் சற்று முன்னால் ஒரு பள்ளமும் 50க்குப் பின்னால் ஒரு மேடும் தெரியும். இப்படிப் பார்த்து, களத்தில் இருக்கும்போதே திருத்தத்தான் மேற்பார்வைக்குப் பணம் வைப்பது.

கேள்விகள் நீளும்போது என்ன செய்யலாம் என்பதற்கு மத்திய அரசின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு நல்ல உதாரணம். 2022-23இல் 2,61,746 வீடுகளில் நடந்த அந்தக் கணக்கெடுப்பில், ஒரே மூச்சில் கேட்டு வந்த கேள்விகளை மூன்றாகப் பிரித்து, மூன்று மாதங்களில் மூன்று தடவை போய்க் கேட்டார்கள். உணவு ஒரு தடவை, மற்ற நுகர்பொருளும் சேவைகளும் ஒரு தடவை, நீடித்து உழைக்கும் பொருட்கள் ஒரு தடவை. களைப்பில் வரும் பொய்க் குறைவைத் தவிர்க்க ஒரு வீட்டுக்கு மூன்று பயணச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சிறிய அமைப்புகளுக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் கேள்விகளைக் குறைத்துக்கொள்வதுதான் வழி.

சம்பளத்தில் என் தீர்ப்பு இது: நாள் சம்பளம் கொடுங்கள், குறித்த நாளில் கொடுங்கள், பயிற்சி நாட்களுக்கும் கொடுங்கள். பத்துப் பேர் வேண்டுமென்றால் பதினான்கு பேருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இரண்டு பேர் பரீட்சை எழுதப் போவார்கள், இன்னும் இருவருக்குக் கேள்வி கேட்கும் பொறுமை இருக்காது. ஆறு நாள் பயிற்சி, தலைக்கு நாள் ஒன்றுக்கு 700 என்றால் 58,800. மண்டபமும் சாப்பாடும் சேர்ந்து 90,000 வரை வரும். பெண்களிடம் கேட்கும் கேள்விகளுக்குப் பெண் கணக்கெடுப்பாளர்கள்தான் வேண்டும். வீட்டார் வயலிலிருந்தோ நூறு நாள் வேலையிலிருந்தோ திரும்பிய பிறகுதான் பேச முடியும். அதற்குள் இருட்டிவிடும். அவர்களைப் பத்திரமாக லாட்ஜில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டியைச் ‘சொகுசு’ என்று வெட்டினால், மாலை வீடுகள் எல்லாம் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று பதிவாகும்.

மேற்பார்வை என்பது மேற்பார்வையாளருக்குச் சம்பளம் போடுவதோடு முடிவதில்லை. அவர் குழுவோடு ஒரே வண்டியில் போகிறவர், ஒரே லாட்ஜில் தங்குகிறவர். குழுவின் வேலை முடிந்தால்தான் அவருக்கும் நல்ல பெயர். ஆகவே அவருக்குக் கட்டுப்படாத ஒருவர் தனியாக வேண்டும். அவர் வேலை மறு சரிபார்ப்பு. பத்தில் ஒரு வீட்டுக்கு, அதாவது 120 வீட்டுக்கு, முதல் பேட்டி முடிந்த சில நாட்களுக்குள் போய் எட்டுப் பத்துக் கேள்விகளை மட்டும் மறுபடி கேட்பார். எந்த வீடு என்பது களக் குழுவுக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. கேட்கும் கேள்விகள் நாளுக்கு நாள் மாறாதவையாக இருக்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர், நிலம் எத்தனை சென்ட், கடந்த ஆண்டு யாராவது உள்நோயாளியாக இருந்தார்களா, உங்கள் வீட்டுக்கு முன்பு வந்தவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள். நாளைக்கு எட்டு வீடு பார்த்தால் 15 நாள் வேலை. வண்டிச் செலவோடு நாளுக்கு 1,500 என்றால் 22,500 ரூபாய். களச்செலவில் ஒரு நாள் விலையைக்கூட இது எட்டவில்லை.

இந்த 22,500 ரூபாய் எதைக் காட்டும் என்று ஓர் உதாரணம். இரவு வந்த பதில்களை ஆள்வாரியாகப் பிரித்துப் பார்க்கிறோம். ஒன்பது பேருக்குச் சராசரி பேட்டி நேரம் 75 முதல் 90 நிமிடம். பத்தாமவருக்கு 41. உள்நோயாளி கேள்விக்கு மற்றவர்களிடம் ஐந்து வீட்டில் ஒரு வீடு ஆம் என்கிறது, இவரிடம் இருபதில் ஒன்று. இதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது. அவர் போன கிராமத்தில் நோயே குறைவாக இருக்கலாம், குடும்பங்கள் சிறியதாக இருக்கலாம். மறு சரிபார்ப்பாளர் அவர் முடித்த பத்து வீட்டுக்குப் போகிறார். நான்கு வீட்டில் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதம் கையில் வருகிறது. இப்போது சந்தேகமில்லை. இது ஐந்தாம் நாள் தெரிந்தால் அவர் முடித்த 20 வீடுகளை மட்டும் மறுபடி செய்தால் போதும். ஓர் ஆளுக்கு ஐந்து நாள் வேலை. முப்பதாம் நாள் தெரிந்தால் 120 வீடுகள். களம் கலைந்துபோய், லாட்ஜ் காலிசெய்து, எல்லோரும் வேறு வேலைக்குப் போன பிறகு தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தரவைச் சுத்தம்செய்வதும் அதே காரணத்துக்காக முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டிய வேலை. நெல் விளைச்சல் ஒருவர் மூட்டையில் சொல்வார், ஒருவர் கிலோவில் சொல்வார். மூட்டைக்கு எத்தனை கிலோ என்பதும் ஊருக்கு ஊர் மாறும். நிலம் ஏக்கரிலும் வரும், சென்டிலும் வரும். ‘50’ என்ற எண் சென்ட் என்றால் அரை ஏக்கர், ஏக்கர் என்றால் பண்ணையார். பால் பணத்தை வாரக் கணக்கில் சொன்னாரா, மாதக் கணக்கிலா? ‘மற்றவை’ என்ற கட்டத்தில் ஒருவர் ‘சீட்டு’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘ஏலச்சீட்டு’ என்று, மூன்றாமவர் எழுத்துப் பிழையோடு. இவற்றையெல்லாம் உட்கார்ந்து ஒழுங்குசெய்ய ஒருவருக்கு இரண்டு மாதம் பிடிக்கும். மாதம் 40,000 வீதம் 80,000 ரூபாய்.

அந்த ஆளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வந்த பதிவை அழித்து மேலே எழுதக் கூடாது. மூலப் பதிவு ஒருபுறம் பத்திரமாக இருக்க, எந்த வீட்டில் எந்த எண்ணை எதற்காக மாற்றினோம் என்று ஒவ்வொரு திருத்தமும் தனியே பதிவாக வேண்டும். குழு களத்தில் இருக்கும் நாட்களில் சந்தேகம் வந்தால் வீட்டாருக்கே போன்செய்து கேட்டுவிடலாம்: “அம்மா, நேத்து அம்பதுன்னு சொன்னீங்களே, அது சென்ட்டா ஏக்கரா?” இரண்டு நிமிட வேலை. மூன்று மாதம் கழித்து அதே எண்ணைப் பார்ப்பவர், ‘ஏக்கராக இருக்க முடியாது’ என்று தானாக முடிவுசெய்து திருத்துவார். அது திருத்தமல்ல, யூகம்.

இப்போது மொத்தத்தைக் கூட்டலாம். களம் 7,65,000, வீட்டுப் பட்டியல் 1,56,000, பயிற்சி 90,000, டேப்லெட் வகையறா 1,90,000, அதில் கேள்வித்தாள் அமைக்க 40,000, முன்னோட்டம் 45,000, மறு சரிபார்ப்பு 22,500, தரவைச் சுத்தம்செய்ய 80,000. ஆக 13,88,500 ரூபாய். ஆய்வை நடத்துபவரின் சம்பளமும் அலுவலகச் செலவும் இதில் சேரவில்லை.

பணம் கொடுப்பவர் பார்க்கிறார். “ஒன்றரை லட்சம் குறைத்துக்கொண்டு வாருங்கள்” என்கிறார். எங்கே வெட்டுவது?

வழக்கமாக வெட்டுவது இப்படி: முன்னோட்டத்தை எடுத்துவிட்டால் 45,000. மறு சரிபார்ப்பை எடுத்துவிட்டால் 22,500. ஆறு நாள் பயிற்சியை மூன்று நாளாக்கினால் 45,000. தரவு ஆளை ஒரு மாதத்துக்கு மட்டும் வைத்தால் 40,000. மொத்தம் 1,52,500. முதல் பக்கத்தில் ‘1,200 வீடுகள்’ என்ற எண் அப்படியே இருக்கும். பணம் கொடுத்தவருக்குத் திருப்தி.

இன்னொரு வழி, 60 கிராமத்தை 50 ஆக்குவது. 1,000 வீடுகள். களத்தில் ஐந்து நாள் குறையும், அதில் 1,27,500. பத்துக் கிராமப் பட்டியல் வேலை குறையும், அதில் 26,000. மொத்தம் 1,53,500. கிட்டத்தட்ட அதே பணம்.

இரண்டாவது வழியில் என்ன இழக்கிறோம்? ஒரே கிராமத்து வீடுகள் ஒன்றுபோல இருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 1,200 வீட்டில் ‘பாதிக் குடும்பங்கள் கடனில் இருக்கின்றன’ என்று வரும் முடிவுக்கு ஏறத்தாழ நான்கு சதவீதப் புள்ளி முன்பின் இருக்கலாம். 1,000 வீடு என்றால் அது 4.4 புள்ளி. ஆக இழப்பு அரைப் புள்ளிக்கும் குறைவு. அதை அறிக்கையிலேயே அச்சிட்டுவிடலாம், வாசிப்பவர் தெரிந்துகொள்வார். முதல் வழியில் இழப்பதை அச்சிட முடியாது. பாட்டியின் முந்நூறு ரூபாய் மாத்திரையும், 41 நிமிடத்தில் முடிந்த பேட்டிகளும், சென்ட்டா ஏக்கரா என்று தெரியாத ஐம்பதுகளும் எந்தப் பக்கம், எவ்வளவு முடிவைச் சாய்த்தன என்று யாருக்கும் தெரியாது. வீடுகளைக் கூட்டினாலும் அந்தச் சாய்வு குறையாது. தவறாகக் கேட்ட கேள்வியை 1,200 வீட்டில் கேட்டாலும் 12,000 வீட்டில் கேட்டாலும் அதே தவறான விடைதான் வரும்.

மாதிரியைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. மாவட்டம் முழுவதற்கும் ஒரு முடிவு போதும் என்றால் 1,000 வீடு தாங்கும். வட்டவாரியாகத் தனித்தனி முடிவு வேண்டும், வெளியூர் போனவர்கள் உள்ள வீடுகளை மட்டும் தனியே ஆராய வேண்டும் என்றால் தாங்காது. அப்போது பணம் கொடுப்பவரிடம் ‘இந்தத் தொகைக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது’ என்று சொல்லிவிடுவதே நேர்மை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்கு டேப்லெட்டோடு ஒருவர் வந்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்டுவிட்டுப் போன பிறகு, நான்காம் நாள் இன்னொருவர் வந்து அதே கேள்விகளில் சிலவற்றை மறுபடி கேட்கலாம். “போன வாரமே சொல்லிட்டோமே” என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், எந்த அமைப்பு என்று கேளுங்கள், பத்து நிமிடம் கொடுங்கள். முதலில் வந்தவர் எழுதியது சரிதானா என்று நீங்கள் மட்டுமே அவருக்குச் சொல்ல முடியும்.